வெப்பப் படத்தில் சுடும் இடமெல்லாம் காய்ந்த மண்தானா?

நண்பர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் காய்ந்த மண்திட்டுகளைக் கண்டறிய, லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் தரும் மார்ச் மாதத்து வெப்பப் பட்டையை, கீழ்க்கண்ட வாய்பாட்டால் செல்சியஸாக மாற்றினேன்.

```
ST_B10 * 0.00341802 + 149.0 - 273.15
```

தென்னந்தோப்பில் 47000 என்ற எண் 36.5 டிகிரியாகவும், கடலை பிடுங்கிய கரிசல் காட்டில் 48500 என்பது 41.6 டிகிரியாகவும் வந்தன. ஆனால் அந்தக் காட்டில் ஒரு சாண் தோண்டியபோது, மேல்மண் மட்டும் காய்ந்திருக்க, அடியில் ஈரம் கையில் ஒட்டியது. நிழலின்மையும் கரிய நிறமும் தந்த சூட்டையே வறட்சி என்று எண்ணிவிட்டேன் போலும்.

ஆகவே, பசுமைக் குறியீடு (என்.டி.வி.ஐ.) ஏறக்குறைய சமமாக உள்ள, ஒரே வகை மண்ணைக் கொண்ட இடங்களை மட்டும் தமக்குள் ஒப்பிட்டு, அவற்றுள் மிகச் சூடானவற்றையே வறண்டவையாகக் கொள்ளலாமா? படம் 30 மீட்டர் கட்டங்களாகக் கிடைத்தாலும், உணரி அளப்பது 100 மீட்டர் கட்டம், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர், என்பதால் எங்கள் ஒரு ஏக்கர் காடுகள் பக்கத்துத் தோப்போடு கலந்துவிடுகின்றன. இத்தகைய சிறு நிலங்களுக்கு, வெப்பத்தையும் பசுமைக் குறியீட்டையும் ஒப்பிடும் வரைபடத்தில் வறண்ட எல்லைக்கோட்டை எவ்வாறு வரைகிறீர்கள் என்பதைச் செய்து பார்த்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.