25 ரூபாய் கேட்ட பார்சல் மெசேஜ்

அம்மாப்பேட்டை – ஏற்காடு சொந்தங்கள் குழு

சாந்தி பெரியம்மா (ஏற்காடு), மாலை 4:12
கவிதா கண்ணு, இருக்கியா? தபால் ஆபீஸ்ல இருந்துன்னு மெசேஜ் வந்துச்சு. முகவரி சரியில்ல, பார்சல் கிடங்குல நிக்குது, 48 மணி நேரத்துல சரி பண்ணுன்னு. மல்லிகா சேலத்துல இருந்து பார்சல் அனுப்பியிருக்கா, அதான் நம்பிட்டேன். லிங்க்கைத் தொட்டா 25 ரூபா கட்டச் சொன்னுச்சு. கார்டு நம்பர், தேதி, பின்னாடி இருக்கிற மூணு நம்பர் எல்லாம் போட்டேன். அப்புறம் வந்த ஓடிபி மெசேஜ்ல 18,500 ரூபான்னு இருந்துச்சு. பயந்து போடாம விட்டுட்டேன்.

செல்வம் மாமா, 4:15
ஓடிபி போடலைல்ல? அப்ப ஒண்ணும் ஆகாது. மெசேஜை அழிச்சுட்டு போனை ரீசெட் பண்ணிடு.

கவிதா, 4:17
அழிக்காதீங்க பெரியம்மா, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. ரீசெட்டும் வேண்டாம், நீங்க எதையும் இன்ஸ்டால் பண்ணலையே. தொகையைப் படிச்சீங்க பாருங்க, அதுதான் காப்பாத்துச்சு. ஆனா மாமா, வெளிநாட்டுத் தளங்கள் பலதுல ஓடிபியே கேக்காது, அந்த மூணு நம்பர் இருந்தா போதும். உடனே பேங்க் ஆப்ல கார்டை பிளாக் பண்ணுங்க. ஆப் இல்லைன்னா கார்டு பின்னாடி இருக்கிற நம்பருக்குக் கூப்பிடுங்க. கூகுள்ல தேடாதீங்க, அங்கயும் போலி கஸ்டமர் கேர் நம்பர் போட்டு வச்சிருக்காங்க.

முருகேசன் சித்தப்பா, 4:21
லாரி ஆபீஸ்ல போய் பார்சலைக் கேட்டுட்டு வரவா?

கவிதா, 4:22
பார்சல் பிரச்சினை இல்ல சித்தப்பா. பெரியம்மா, அது எந்த நம்பர்ல இருந்து வந்துச்சு?

சாந்தி பெரியம்மா, 4:29
+63ன்னு ஆரம்பிக்குது. கார்டு பிளாக் ஆயிடுச்சும்மா. காசு எதுவும் போகல.

கவிதா, 4:31
அப்பாடா. +63 பிலிப்பைன்ஸ் நம்பர். நம்ம தபால் துறை அங்க இருந்தா அனுப்பும்? லிங்க்ல indiapostனு எங்கயாவது இருந்தா போதாது, indiapost.gov.inனு முடியணும். உங்களுக்கு வந்தது .topனு முடியுது பாருங்க.

முருகேசன் சித்தப்பா, 4:34
எனக்குப் போன மாசம் பேங்க் பேர்ல கேஒய்சின்னு ஒரு ஃபைல் வந்துச்சு. அமுக்கினேன், என்னமோ இன்ஸ்டால் ஆச்சு. ஓடிபி நான் யாருக்கும் சொல்லல, ஆனாலும் 9,000 போயிடுச்சு.

கவிதா, 4:38
அது வேற வகை, இதைவிட மோசம். அந்த ஆப் உங்க மெசேஜைப் படிச்சு ஓடிபியை அவங்களுக்கே அனுப்பிடும். நெட்டை ஆஃப் பண்ணிட்டு, வேற போன்ல இருந்து பேங்குக்கும் சைபர் கிரைம் உதவி நம்பர் 1930க்கும் சொல்லியிருக்கணும். உங்களுக்குத்தான் மாமா ரீசெட் சொல்லியிருக்கணும். எப்ப புகார் குடுத்தீங்க?

முருகேசன் சித்தப்பா, 4:40
இன்னும் குடுக்கல.

கவிதா, 4:41
சித்தப்பா! 1930க்கு இப்பவே கூப்பிடுங்க, cybercrime.gov.inலயும் பதியலாம். பணம் திரும்புமான்னு சொல்ல முடியல, சீக்கிரம் சொன்னாத்தான் போற வழியில நிறுத்த முடியும். ஆனா பேங்குக்குச் சொன்னதுக்கு அப்புறம் போற காசு உங்க பொறுப்பு இல்ல. அந்த ஆப் இன்னும் போன்ல இருக்கா?

முருகேசன் சித்தப்பா, 4:43
தெரியலையே.

செல்வம் மாமா, 4:44
நான் போய் பாக்கறேன். அது வரைக்கும் நெட் போடாதே முருகேசா.

சாந்தி பெரியம்மா, 4:50
அப்ப நிஜப் பார்சல் எங்க இருக்கு?

கவிதா, 4:52
தபால் ரசீதுல 13 எழுத்து இருக்கும், INனு முடியும். அதைத் தபால் துறைத் தளத்துல நீங்களே போட்டுப் பாருங்க.

சாந்தி பெரியம்மா, 4:53
ரசீது மல்லிகாகிட்ட இருக்கு. கேட்டுட்டு வரேன்.