"போலீசிடம் இதைச் சொன்னீர்களா?" குறுக்கு விசாரணையில் மாட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கதிர்

விபத்து வழக்கு ஒன்றில் போன வாரம் சாட்சி சொன்னேன். இரவில் சாலையோரம் நின்ற லாரியின் பின்னால் பைக் மோதி, ஓட்டியவர் இறந்துவிட்டார். நான் பின்னால் காரில் வந்துகொண்டிருந்தேன். அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக லாரி டிரைவர் மேல் 304-ஏ பிரிவில் வழக்கு. நடந்தது 2022-ல், நான் மூன்றாவது சாட்சி.

முதல் விசாரணை சுலபமாகத்தான் போனது. அரசுத் தரப்பு வக்கீலான ஏபிபி "என்ன பார்த்தீர்கள்?" என்றார், நான் சொன்னேன். லாரியின் பின் விளக்கு எரியவில்லை என்பதையும் சொன்னேன். பிறகு டிரைவரின் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"போலீஸ் விசாரணையில் பின் விளக்கு எரியவில்லை என்று சொன்னீர்களா?"
"சொன்னேன்."
"உங்கள் போலீஸ் வாக்குமூலத்தில் அப்படி எதுவும் இல்லையே?"
"எனக்குத் தெரியாது. நான் சொன்னேன்."
"எதிரியான டிரைவருக்குத் தண்டனை வாங்கித் தர இன்று புதிதாகச் சேர்த்துச் சொல்கிறீர்கள்."
"இல்லை."

உட்கார்ந்துவிட்டார். நீதிபதி ஏபிபியைப் பார்த்தார், அவர் "மறு விசாரணை இல்லை" என்று முடித்துவிட்டார். அந்தப் போலீஸ்காரர் எழுதாமல் விட்டதற்கு நான் பொய்யனா? ஒரு கேள்வி கேட்டிருந்தால் விளக்கியிருப்பேனே. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மணி

தம்பி, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்போதே படித்துப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் அப்பா எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார்.

கதிர்

கையெழுத்தே வாங்கவில்லை சார். கேட்டார், எழுதிக்கொண்டார், போகச் சொல்லிவிட்டார்.

பழைய பெஞ்ச் கிளார்க்

கையெழுத்து வாங்காததில் தவறு இல்லை, போலீசிடம் சொன்ன வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம். அதே சட்டப்படி அதை உங்களுக்கு ஆதரவாகக் காட்ட முடியாது, உங்களை மறுக்க மட்டுமே பயன்படுத்தலாம்.

மனதை விட்டுவிடாதீர்கள், விஷயம் இன்னும் முடியவில்லை. உங்கள் பதிலால் மட்டும் எதுவும் நிரூபணமாகிவிடாது. விசாரணை அதிகாரி கடைசியில் கூண்டேறுவார். அப்போது அதே வக்கீல், "அரசுத் தரப்பு சாட்சி 3 உங்களிடம் பின் விளக்கு எரியவில்லை என்று சொன்னாரா?" என்று கேட்க வேண்டும். அதிகாரி "அப்படிச் சொல்லவில்லை" என்றால்தான் முரண்பாடு பதிவுக்கு வரும். அதைக் கேட்க மறந்துபோன வக்கீல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாட்சியிடம் அவ்வளவு அழகாகக் கேட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து அதிகாரி வரும் நாளில் வழக்குக் கட்டைப் புரட்டாமல் எழுந்து நிற்பார்கள்.

அப்புறம், விட்டுப்போன எல்லாமே முரண்பாடு ஆகாது. 1959-ல் தாசில்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. சொல்லாமல் விட்டது முக்கியமானதா, எழுதப்பட்டதற்கு எதிராகப் போகிறதா என்று நீதிபதிதான் பார்ப்பார். லாரியின் நிறத்தை விட்டிருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் உங்கள் வழக்கே அந்த விளக்கில்தான் நிற்கிறது. அதனால் லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

ரவி

மறு விசாரணையை எதிர்பார்த்ததே தப்பு. மறு விசாரணையில் புதிதாக எதையுமே கேட்க முடியாது. ஏபிபி சரியாகத்தான் செய்திருக்கிறார்.

பழைய பெஞ்ச் கிளார்க்

பாதி சரி ரவி. குறுக்கு விசாரணையில் வந்த விஷயத்துக்கு விளக்கம் கேட்பதுதான் மறு விசாரணை. புதிய விஷயம் கேட்க வேண்டுமென்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தால் எதிர்த்தரப்பு அந்தப் புது விஷயத்தில் மறுபடி குறுக்கு விசாரணை செய்யலாம். பல அரசு வக்கீல்கள் அந்தக் கதவைத் திறக்கப் பயப்படுவதற்கு அதுதான் காரணம். ஆனால் கதிர் விஷயத்தில் விளக்கு பற்றிய கேள்வி குறுக்கு விசாரணையிலேயே வந்துவிட்டது, அது புதிது இல்லை.

மல்லிகா

எனக்கு நடந்தது சிவில். நிலத் தகராறு. சிவிலில் முதல் விசாரணை என்று வாயால் எதுவும் கிடையாது, வக்கீல் தயாரித்த ப்ரூஃப் அஃபிடவிட்டைத் தாக்கல் செய்துவிடுவார்கள். கூண்டில் ஏறி, ஆவணங்களைக் குறியீடு செய்ததும் நேராகக் குறுக்கு விசாரணைதான்.

எதிர்வக்கீல் "நிலத்தை இத்தனை வருஷமாக அனுபவிப்பது உங்கள் தம்பிதானே?" என்றார். உண்மைதான், ஆமாம் என்றேன். என் வக்கீல் முகம் மாறிவிட்டது. அவர் மறு விசாரணைக்கு எழுந்து, "உங்களுக்குக் குத்தகை கொடுத்துக்கொண்டுதானே அனுபவித்தார்?" என்று கேட்டார். எதிர்வக்கீல் உடனே ஆட்சேபித்தார், பதிலை வாயில் வைத்துக் கேட்கிறார் என்று. நீதிபதியும் அனுமதிக்கவில்லை. பிறகு வக்கீல், "எந்த அடிப்படையில் அவர் அனுபவித்தார்?" என்று மாற்றிக் கேட்டார். நான் குத்தகை என்று சொன்னேன். அது பதிவானது. கேட்கிற விதம்தான் எல்லாம்.

எனக்கு இன்றுவரை புரியாதது, எதிர்வக்கீல் மட்டும் "தானே, தானே" என்று கேட்டாரே, அவரை ஏன் யாரும் தடுக்கவில்லை?

பழைய பெஞ்ச் கிளார்க்

அம்மா, குறுக்கு விசாரணையில் அப்படிக் கேட்கலாம். சாட்சியை அழைத்தவர் கேட்கும்போது, அது முதல் விசாரணையோ மறு விசாரணையோ, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அப்படிக் கேட்க முடியாது. பெயர், ஊர் மாதிரி தகராறு இல்லாத விஷயங்களில் யாரும் பொருட்படுத்துவதில்லை.

கதிர்

என் சாட்சியத்தின் நகல் இன்று கிடைத்தது. கடைசி வரி இப்படி இருக்கிறது: "எதிரிக்குத் தண்டனை பெற்றுத் தர நான் புதிதாகச் சேர்த்துச் சொல்கிறேன் என்றால் சரியல்ல." நான் இப்படிப் பேசவே இல்லை. முதல் பாதியை மட்டும் படித்தால் நானே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறது!

பழைய பெஞ்ச் கிளார்க்

பயப்படாதீர்கள், அது வழக்கமான எழுத்து. கேள்வியையும் உங்கள் "இல்லை"யையும் சேர்த்து ஒரே வாக்கியமாக எழுதுவோம். எதிர்த்தரப்பு தன் வாதத்தைச் சாட்சியிடம் வைத்து மறுக்கச் செய்கிற இடம் அது. வக்கீலுக்கும் நீதிபதிக்கும் அதன் பொருள் பழக்கம்.

ரவி

அப்படியானால் ஏபிபி மறு விசாரணையில் என்ன கேட்டிருக்க முடியும்? "போலீசிடம் சொன்னீர்களா?" என்று திரும்பக் கேட்டால், அதே பதில்தானே வரும்?

பழைய பெஞ்ச் கிளார்க்

கதிர், உங்கள் போலீஸ் வாக்குமூலத்தில் வேறு என்ன இருந்தது?

கதிர்

ஏபிபி அன்று காலை ஞாபகப்படுத்தியபோது பார்த்தேன். "பக்கத்தில் வரும் வரை லாரி நின்றது தெரியவில்லை" என்று இருந்தது.

பழைய பெஞ்ச் கிளார்க்

அதுதான்! எதிர்த்தரப்பு அந்த வாக்குமூலத்தை முரண்பாட்டுக்குப் பயன்படுத்தினால், குறுக்கு விசாரணையில் வந்ததை விளக்க மட்டும் அதன் வேறு பகுதியை மறு விசாரணையில் பயன்படுத்தலாம். நான் ஏபிபியாக இருந்தால் அந்த வரியைக் காட்டி, "ஏன் தெரியவில்லை?" என்று ஒரே கேள்வி கேட்டிருப்பேன். நீங்கள் விளக்கைச் சொல்லியிருப்பீர்கள்.

வழக்கறிஞர் செல்வி

ஐயாவோடு இதில் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. எதிர்வக்கீல் வாக்குமூலத்தின் எந்த வரியையும் சாட்சியிடம் படித்துக் காட்டவில்லை, "அதில் இல்லை" என்று மட்டும்தான் கேட்டார். அதைப் "பயன்படுத்தியது" என்று எடுத்துக்கொள்ளலாமா என்று அங்கேயே ஆட்சேபனை வரும். தவிர, "ஏன் தெரியவில்லை" என்ற கேள்விக்கு, பதற்றத்தில் "இருட்டு, மழை" என்று பதில் வந்திருந்தால்? மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் விளக்கு வேலை செய்தது என்று இருக்கிறதா, இல்லை என்று இருக்கிறதா என்பதைப் பார்க்காமல், ஏபிபி செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். கதிர், அந்த ஆய்வாளரைச் சாட்சியாக விசாரித்துவிட்டார்களா?

கதிர்

இன்னும் இல்லை மேடம். அடுத்த வாய்தாவில் என்றார்கள்.