மாசில்லாத மழைக்கு pH 5.6 என்கிறார்கள், எனக்கு 3.9 வருகிறதே?

கார்த்தி: பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. கார்பன் டை ஆக்சைடு கரைவதால் சுத்தமான மழையே 5.6 என்று புத்தகத்தில் இருக்கிறது. நான் ஹென்றி மாறிலி 0.034-ஐயும் Ka 4.45×10⁻⁷-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தேன், 1.23×10⁻⁴ வருகிறது, அதாவது 3.9. மூன்று தடவை போட்டுப் பார்த்தாச்சு.

செல்வி: பிரிந்த அளவு x-ஐக் கழிக்காமல் விட்டிருப்பீர்கள். C − x போட்டு இருபடிச் சமன்பாடாகத் தீர்த்தால் சரியாகிவிடும்.

பழைய லேப் ஆள்: 0.034-இல் 0.0001-ஐக் கழித்து என்ன ஆகப்போகிறது செல்வி, 3.9 அப்படியேதான் நிற்கும். தம்பி, உங்கள் கணக்கு தப்பில்லை, ஆனால் அது சோடாவின் கணக்கு. ஹென்றி மாறிலியை அப்படியே செறிவாக வைத்தால், மேலே இருப்பது முழுக்க ஒரு வளிமண்டல அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு மட்டும் என்று பொருள். காற்றில் அது சுமார் 420 பிபிஎம்தான்.

```
[CO2] = 0.034 × 4.2×10⁻⁴ = 1.43×10⁻⁵
[H+]  = √(4.45×10⁻⁷ × 1.43×10⁻⁵) = 2.52×10⁻⁶
pH    = 5.60
```

இங்கே x-ஐக் கழிக்கவே கூடாது, ஏனென்றால் துளியில் குறைகிற கார்பன் டை ஆக்சைடைச் சுற்றியுள்ள காற்று உடனே ஈடுகட்டிவிடும். மொத்தமே 1.43×10⁻⁵ கார்பன் டை ஆக்சைடு கரைத்த நீரை மூடிய பாட்டிலில், மேலே காற்றே இல்லாமல் அடைத்திருந்தால் செல்வி சொல்வது பொருந்தும், அப்போது 5.64.

கார்த்தி: அட, அழுத்தத்தை மறந்தே போனேன். அப்போ தொழிற்புரட்சிக்கு முன்னால் 280 பிபிஎம் இருந்தபோது மழை எவ்வளவு?

பழைய லேப் ஆள்: 5.69. வர்க்கமூலம் வருவதால் மாற்றம் அவ்வளவுதான், கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானாலும் pH 0.15 மட்டுமே இறங்கும். அதனால் எங்காவது மழை 4.3 காட்டினால் கார்பன் டை ஆக்சைடைக் குறை சொல்லாதீர்கள், கந்தக, நைட்ரிக் அமிலங்களைத் தேடுங்கள்.

மாடித்தோட்டம்: எங்கள் மொட்டைமாடியில் பிடித்த மழைநீர் 6.8 காட்டியது. மீட்டர் பழுதா? செடிக்கு ஊற்றலாமா?

பழைய லேப் ஆள்: தாராளமாக ஊற்றுங்கள். மாடிச் சுண்ணாம்பும் காற்றில் உள்ள மண்தூசியும் அமிலத்தைத் தின்றுவிடும், நம் ஊரில் இது சகஜம். அடுத்த தடவை கழுவிய பாத்திரத்தை உயரத்தில் வைத்து, முதல் கால் மணி நேர மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். இன்னொன்று, மழைநீரில் அயனிகள் குறைவு, அதனால் மீட்டர் நிலைக்க நேரமாகும், அவசரப்பட்டுப் படிக்காதீர்கள்.

செல்வி: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 5.6-க்குக் கீழே போனாலே அமில மழை என்று எழுதுவதும் பிழைதானே? இந்தியப் பெருங்கடலின் நடுவே ஆம்ஸ்டர்டாம் தீவில், ஆலையே இல்லாத இடத்தில், மழை ஏறக்குறைய 5 என்று அளந்திருக்கிறார்கள். கடலிலிருந்து வரும் கந்தகமும் ஃபார்மிக் அமிலமும் போதும்.

பழைய லேப் ஆள்: அதனால்தான் நான் எல்லையை 5 என்று வைப்பேன்.

செல்வி: தேர்வில் அப்படி எழுதினால் மார்க் போடுவார்களா?

கார்த்தி: நான் 5.6-தான் எழுதப்போகிறேன் 🙂