திருப்பி மொழிபெயர்த்தா 100% ஒத்துப்போகுது, ஆனா தமிழ் தப்பு. உதவி, அவசரம்

அரைத்தூக்கம்
மெஷின்ல மொழிபெயர்த்து வந்ததை மறுபடி மெஷின்லயே திருப்பிப் போட்டு ஒரிஜினலோட ஒத்துப்பாக்கறோம், ஒரு வரி நூத்துக்கு நூறு வருது ஆனா தமிழ் தப்பு. நான் திருத்தினா ஸ்கோர் குறைஞ்சு ஃபெயில் ஆகுது!! மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, ஸ்கோர்தான் பேசும்ங்கறார். நாளைக்கு பிரிண்ட்டுக்குப் போகணும். என்ன செட்டிங் மாத்தணும்?

கமா_போடாதவள்
எந்த வரி? திருத்தினது என்ன? ஸ்கோர் எப்படிப் போடறீங்க? போக வர ரெண்டு பக்கமும் ஒரே இன்ஜினா? இதெல்லாம் சொல்லாம செட்டிங் கேட்டா நாங்க ஜோசியமா பாக்கறது

டேட்டா_தம்பி
பேக்-டிரான்ஸ்லேஷன்னா 2016ல சென்ரிச் டீம் காட்டின டெக்னிக்தானே, தமிழ் மட்டும் இருக்கற டெக்ஸ்ட்டை இங்கிலீஷாக்கி அந்த ஜோடியையும் சேர்த்து மாடலை டிரெயின் பண்றது. உங்க டேட்டா கம்மியா இருக்கும், இன்னும் கொஞ்சம் சேத்துப் பாருங்க ப்ரோ

கமா_போடாதவள்
அது வேற தம்பி, பேர் மட்டும் ஒண்ணு. இவர் எதையும் டிரெயின் பண்ணல, வந்த வரி சரியான்னு பாக்கறார்

பழைய_பேனா
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றாங்க. தேடிப் பாக்கற பழக்கம் போயிடுச்சு. ஹரால்ட் சோமர்ஸ் 2005லயே இதை டெஸ்ட் பண்ணி, போயிட்டு வர்ற மொழிபெயர்ப்பை வச்சு போன பக்கத்தோட தரத்தைச் சொல்ல முடியாதுன்னு எழுதியாச்சு. 20 வருஷம் கழிச்சு இங்க ‘அவசரம்’.

அரைத்தூக்கம்
சாரி, ஆபீஸ்லேர்ந்து டைப் பண்றேன். ஒரிஜினல்: ‘சில்ட்ரன் மே நாட் யூஸ் திஸ் மெஷின் வித்தவுட் அன் அடல்ட்’. மெஷின் தந்தது: ‘பெரியவர் இல்லாமல் குழந்தைகள் இந்த இயந்திரத்தைப் பயன்படுத்தாமல் இருக்கலாம்’. அதைத் திருப்பினா ஒரிஜினல் அப்படியே, எழுத்து மாறாம. நான் ‘பெரியவர் உடன் இல்லாமல் குழந்தைகள் இந்த இயந்திரத்தை இயக்கக் கூடாது’ன்னு போட்டேன். திரும்பி வந்ததுல ‘மே’ இருந்த இடத்துல ‘ஷுட்’, ‘யூஸ்’ இருந்த இடத்துல ‘ஆபரேட்’. 9 வார்த்தைல 7 ஒத்துது, 78%. பாஸ் மார்க் 90. ஒரே இன்ஜின்தான்

சுழல்நாற்காலி
ஒரே இன்ஜின்னா அதான் வியாதி. தான் பண்ண தப்பைத் தானே மறைக்கும். திரும்பி வர்றதுக்கு வேற இன்ஜின் போடுங்க, உடனே மாட்டிக்கும்.

நூலிழை
நாற்காலி சொல்றது பொதுவா நல்ல பழக்கம்தான், ஆனா இந்த வரிக்கு அது உதவாது. திரும்பி வர்ற பக்கத்துல தப்பே நடக்கலயே! இங்கிலீஷ்ல ‘மே நாட்’டுக்கு ரெண்டு அர்த்தம், ஒண்ணு அனுமதி இல்ல, இன்னொண்ணு ஒருவேளை செய்யாம இருக்கலாம். போகும்போது மெஷின் ரெண்டாவதைப் புடிச்சுக்கிச்சு. தமிழ்ல அந்த ரெண்டுக்கும் தனித்தனி வடிவம் இருக்கறதால தப்பு பச்சையாத் தெரியுது. திரும்பும்போது ‘இருக்கலாம்’ங்கறதை ‘மே நாட்’னு போட்டா அது சரியான மொழிபெயர்ப்புதான், நீங்களே உக்காந்து போட்டாலும் அதான் எழுதுவீங்க. இங்கிலீஷுக்குள்ள போனதும் ரெண்டு அர்த்தமும் மறுபடி ஒரே சட்டையைப் போட்டுக்குது, அதனால எந்த இன்ஜினா இருந்தாலும் மாட்டாது. உங்க ‘கூடாது’க்கோ இங்கிலீஷ்ல மஸ்ட் நாட், ஷுட் நாட், மே நாட்னு மூணு வாசல், அதுல ஒண்ணுல வந்தது, அதுக்குப் போய் மார்க் குறைஞ்சுடுச்சு.

சுழல்நாற்காலி
இருந்தாலும் ரெண்டு இன்ஜின் நல்லதுதான்

நூலிழை
நல்லதுதான், இல்லன்னு யார் சொன்னா

மருந்துச்சீட்டு
எனக்கு இதுக்கு நேர்மாறா நடந்துது. ஒரிஜினல்ல டாக்டர் ஒரு பெண், தமிழ்ல ‘அவர்’னு அழகா வந்துது, திருப்பினா ஆம்பளையா ஆயிட்டார். ரிவ்யூ பண்ணவர் பாலினம் தப்புன்னு சிவப்பு போட்டு, கடைசில ‘அவள்’னு மாத்தச் சொல்லிட்டாங்க. டாக்டரை ‘அவள்’னு படிச்சு எங்கம்மா என்னைத் திட்டினாங்க, நான் என்ன பண்ண

பழைய_பேனா
முதல்ல ‘மெஷின்’னு சொல்றதை நிறுத்துங்க. இயந்திரம்னு ஒரு சொல் இருக்கு. மொழிபெயர்ப்பு பத்தின இழைலயே இந்தக் கதி.

சுழல்நாற்காலி
‘இயந்திரம்’ மட்டும் தமிழாய்யா? அதுவும் வடமொழிலேர்ந்து வந்ததுதானே. ‘பொறி’ன்னு சொல்லுங்க அப்ப

பழைய_பேனா
பொறின்னா எலிப்பொறியும்தான். இடம் பாத்துப் பேசணும்.

டேட்டா_தம்பி
எலிப்பொறின்னா அதை மெஷின் கண்டிப்பா ‘கம்ப்யூட்டர் மவுஸ்’னு போடும் 😂

கமா_போடாதவள்
சண்டை போடறதுதான் போடறீங்க, அதுலயே ஒரு விஷயம் இருக்கு. ‘மெஷின்’ ‘அடல்ட்’னு எல்லாத்தையும் இங்கிலீஷ் வார்த்தையாவே தமிழ் எழுத்துல விட்டுட்டா திரும்பி வரும்போது அச்சு அசலா வரும், மார்க் எகிறும். மொழிபெயர்க்காம விட்டாத்தான் இந்தப் பரீட்சைல முதல் மார்க். சொல்லுக்குச் சொல் போட்டாலும் அப்படித்தான், படிக்கறவனுக்கு ஒண்ணும் புரியாது, திருப்பினா மணிமணியா இருக்கும்.

அரைத்தூக்கம்
அய்யோ சரி சரி. மேனேஜர்கிட்ட என்ன சொல்லட்டும்? ரெண்டு அர்த்தம்னு சொன்னேன், உனக்குத் தோணறதுன்னு சொல்லிட்டார்

நூலிழை
வாதாட வேணாம், கண்ணால காட்டுங்க. அதே வரில ‘மே’க்கு பதிலா ‘மைட்’னு போட்டு மெஷின்ல ஓட்டுங்க. ‘மைட் நாட்’னா தடை கிடையாது, செய்யாம இருக்கலாம்ங்கறது மட்டும்தான், அவருக்கே இங்கிலீஷ் தெரியுமே. ரெண்டு இங்கிலீஷ் வரிக்கும் ஒரே தமிழ் வந்தா, அந்தத் தமிழ்ல தடையே இல்லன்னு அவர் தமிழ் படிக்காமலே புரிஞ்சுக்கலாம். அடுத்து ‘மஸ்ட் நாட்’ போட்டு ஓட்டுங்க, தமிழ் ‘கூடாது’ன்னு மாறும்னு நினைக்கறேன். மாறிச்சுன்னா ஒரிஜினலையே அப்படித் திருத்தச் சொல்லுங்க, உங்க தமிழுக்கும் சண்டை போட வேண்டியதில்ல.

இன்னொண்ணு, நேரம் இருந்தா ஒரிஜினலைப் பாக்காத ஒரு ஆள்கிட்ட தமிழ் வரியை மட்டும் குடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ‘பெரியவங்க பக்கத்துல இல்ல, பையன் இதைத் தொடலாமா?’ பதிலை எழுதி வாங்கிக்கங்க. மனுஷனை வச்சுத் திருப்பினாலும் அவர் ஒரிஜினலைப் பாத்திருக்கக் கூடாது, பாத்துட்டா தப்பான தமிழையும் மனசுக்குள்ள சரி பண்ணிட்டுத்தான் எழுதுவார்.

பழைய_பேனா
அப்ப திருப்பிப் பாக்கறதே வீண்னு ஒத்துக்கறீங்க. நான் சொன்னதுதான்.

நூலிழை
வீண்னு சொல்ல மாட்டேன் சார். ஒரு ‘இல்லை’ விழுந்து போறது, 15 ஆனது 50 ஆகறது, பாதி வாக்கியம் காணாமப் போறது, இதையெல்லாம் நிறைய தடவை எனக்கு இதுதான் காட்டிக் குடுத்திருக்கு. திரும்பி வந்தது மாறியிருந்தா நின்னு பாருங்க, மாறலன்னா ஒண்ணும் நிரூபணம் ஆகல, அவ்வளவுதான்.

பழைய_பேனா
அதுக்கு எண்ணை மட்டும் தேடற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

நூலிழை
எண்ணுக்குப் போதும். ‘இல்லை’க்கு?

டேட்டா_தம்பி
நூலிழை அக்கா, இதே மாதிரி ‘நாம்’ ‘நாங்கள்’ ரெண்டும் இங்கிலீஷ்ல ஒண்ணாயிடுமே, அதை எப்படிப் புடிக்கறது

மருந்துச்சீட்டு
அதே மாதிரிதான் என் டாக்டர் கேஸும். அதுக்கு யாரும் பதில் சொல்லல

அரைத்தூக்கம்
போட்டுக் காட்டினேன். ‘மைட்’டுக்கும் அதே தமிழ், ஒரு எழுத்து மாறல. ‘மஸ்ட்’டுக்கு ‘கூடாது’ வந்துது. மேனேஜர் ரொம்ப நேரம் ஸ்கிரீனைப் பாத்தார். அப்பறம் என் வரி பாஸ் ஆகணும்னு பாஸ் மார்க்கை 75 ஆக்கிட்டார். பழைய வரியும் இன்னும் 100லதான் பாஸ். பிரிண்ட்டுக்கு எந்த வரி போச்சுன்னு நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன், நன்றி