மறு: ஒருவர்மேல் எல்லோரும் பாய்வதற்குச் சொல் வேண்டும்

மலர்விழி:
அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புப் பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முகநூல் பின்னூட்டத் திரைப்பிடிப்பு ஒன்றைக் கொடுத்து, காரமான மறுப்பு எது, 'பைல்-ஆன்' எது என்று பிரிக்கச் சொல்கிறோம். பின்னதற்குச் சொல் இல்லை. நாங்களே எழுதிய மாதிரி இது: "ஏரிக்கரையில் நடைபாதை போடுமுன் சாக்கடை கலப்பதை நிறுத்துங்கள்" என்கிறார் ஓர் ஆசிரியை. ஒருவர், "முழுத் தப்பு. இரண்டுக்கும் நிதியே வேறு. படித்துவிட்டு எழுதுங்கள்." பிறகு வரிசையாக "இவருக்கு வேற வேலை இல்லை", சிரிப்புப் பொம்மைகள். நடுவில் ஒருவர், "டீச்சர் எந்த ஸ்கூல்?"

முத்தையா:
மொய்ப்பு. ஈ மொய்க்கிறது என்கிறோமே. மொய்க்குக் கூட்டம், போர் என இரண்டு பொருளும் பழைய இலக்கியத்தில் உண்டு. இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

சரவணன்:
ஐயா, பிள்ளைகள் கல்யாண மொய் என்றுதான் படிப்பார்கள். 'கும்பல் சாடல்' போதும். பத்துப் பேருக்கு மேல் திட்டினால் கும்பல் சாடல் என்று விளக்கமும் கொடுத்துவிடலாம்.

பாத்திமா:
பின்னூட்ட மட்டுறுத்தல்தான் என் வேலை. எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அமைச்சர் பதிவில் ஐநூறு பேர் கோபப்படலாம். அவர் பதவிக்கான கேள்வி அது. இங்கே "முழுத் தப்பு" என்றவர் கடுமையாகப் பேசினாலும் நிதி என்ற காரணம் சொல்கிறார், ஆசிரியை பதில் சொல்ல இடம் இருக்கிறது. அடுத்தவர்கள் புதிதாக எதுவும் சொல்லவில்லை, ஆளைத்தான் பேசுகிறார்கள். தனித்தனியே பார்த்தால் ஒன்றுமே இல்லாத வரிகள். வாங்குபவர் ஒருவர் என்பதால்தான் கனக்கிறது. "எந்த ஸ்கூல்?" என்பதில் வசையே இல்லை, ஆனால் அதுதான் மோசம். சண்டையை அவர் வேலை பார்க்கும் இடத்துக்கு இழுக்கிறது.

இன்னொன்று. முகநூல் பின்னூட்டங்களை 'மிகவும் பொருத்தமானவை' முதலில் வருமாறு அடுக்கும். மேலே இருப்பது முதலில் எழுதியது என்று எண்ண வேண்டாம். பக்கத்தில் உள்ள '3 மணி', '20 நிமி' என்பதைப் பாருங்கள். மடிந்து கிடக்கும் பதில்கள் படத்தில் வராது. வேறு குழுவிலிருந்து யாராவது ஆள் அனுப்பினார்களா என்பதும் தெரியாது. அதனால் 'சொல்ல முடியாது' என்ற விடைக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

கோவிந்தன்:
எங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில், தண்ணீர்க் கட்டணக் கணக்கு கேட்டதற்கு என்னையே நீக்கிவிட்டார்கள். இதுவும் அதுதானே?

பாத்திமா:
இல்லை சார், அது வாயை அடைப்பது. அதற்கு வேறு சொல் வேண்டும்.

முத்தையா:
'அலர்' என்றாலும் சரி. வள்ளுவர் 115ஆம் அதிகாரமே வைத்திருக்கிறார்.

சரவணன்:
அலர் ஊரார் தங்களுக்குள் பேசுவது ஐயா. இது அவர் முகத்துக்கு நேரே நடப்பது. அதோடு, அலரால் காதல் வளர்கிறது என்றல்லவா அங்கே வருகிறது?

மலர்விழி:
சரி, இந்தத் தாளில் 'கும்பல் சாடல்' என்றே போடுகிறேன். பத்துப் பேர் கணக்கை எடுத்துவிட்டேன். நேரக் குறிப்புகள் தெரியும்படி படத்தைப் பெரிதாக்குகிறேன்.

முத்தையா:
என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். 'கும்பல்' என்றதும் தடியோடு வருபவர்கள்தான் மனதில் வருவார்கள். சிரிப்புப் பொம்மை மட்டும் போட்டவன் 'நான் கும்பலில் இல்லை' என்று தப்பித்துக்கொள்வான். 'மொய்ப்பு' அவனையும் பிடிக்கும்.