கல்யாணத்துக்கு முன்னாடி வந்த பல் கனவு: தோழி எழுதிய கடிதம். உங்களுக்கும் இப்படி வந்திருக்கா?

மழைக்காதலி

என் தோழிக்குச் சீக்கிரமே கல்யாணம். அவள் எனக்கு எழுதியதை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே போடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் விசித்திரமாகக் கனவு வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

"அடியே, போன்ல சொன்னா சிரிச்சுடுவே, அதான் எழுதறேன். நேத்தும் அதே கனவு. மேடையில உட்கார்ந்திருக்கேன். எதிர்ல நிறையப் பேர், ஒருத்தர் முகமும் சரியாத் தெரியல. அவர் என் பக்கம் திரும்பி, 'உன் பேர் என்ன?'ங்கறார். கட்டிக்கப் போறவர் பேர் கேட்கறாரேன்னு எனக்குத் தோணவே இல்ல. பதில் சொல்ல வாயைத் திறந்தா கீழ்ப்பல் ஒண்ணு நாக்குல வந்து விழுது. வலி இல்ல, ரத்தம் இல்ல. உள்ளங்கையில துப்பினா அடுத்தது ஆடுது. கை நிறைஞ்சதும் மடியில கொட்டி மறைச்சுக்கறேன். அவர் விடாம கேட்கறார். மிச்சமும் விழுந்துடுமேன்னு உதட்டை இறுக்கி மூடிக்கிட்டுத் தலையை மட்டும் ஆட்டறேன். உடனே எழுந்து நின்னு, என் பேர்னு ஏதோ ஒண்ணை எல்லார்கிட்டயும் சொல்றார். அது என் பேரே இல்லடி! எல்லாரும் கை தட்டறாங்க.

அதோட முழிச்சுட்டேன். இன்னும் விடியல. முதல் வேலையா நாக்கால பல்லைத் தடவிப் பார்த்தேன், எல்லாம் இருந்தது. தாடைதான் ராத்திரி பூரா எதையோ மென்ன மாதிரி இறுகிக் கிடந்தது. இடது காதுகிட்ட லேசா வலி.

பெரியம்மா காதுல இது விழுந்து, பல் விழற கனவு வந்தா வீட்டுல யாருக்கோ ஆகாதுன்னு ஆரம்பிச்சுட்டாங்க. என் பயம் அது இல்ல. இந்தக் கல்யாணம் வேண்டாம்னு என் மனசே சொல்லுதா? உனக்கு என்ன தோணுது?"

பழைய ரேடியோ

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை அம்மா. எனக்குப் பல் விழுவதாகக் கனவு வந்த சில நாளில் மாமனார் தவறிவிட்டார். பயமுறுத்தச் சொல்லவில்லை, வீட்டுப் பெரியவர்களைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

புன்னகை மன்னன்

முன்பல்லா கடைவாய்ப்பல்லா? ஈறு வீங்கியிருக்கா? இந்த வயசில் பல் ஆடுவது நல்லதில்லை. கல்யாண போட்டோவுக்கு முன்னாடியே டாக்டரிடம் போகச் சொல்லுங்க.

மழைக்காதலி

அண்ணா, பல் விழுந்தது கனவில்!

புன்னகை மன்னன்

பாதிதான் படித்தேன். சரி, விடுங்க.

ராத்திரி டியூட்டி

விடாதீங்க, நீங்கள் தெரியாமலே சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். தூக்கப் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அந்தக் கடிதத்தில் என் கண்ணில் பட்டது கனவு இல்லை, முழித்ததும் தாடை இறுகியிருந்தது என்ற ஒரு வரி. தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் இதைத்தான் சொல்வார்கள்: காலையில் தாடை வலி, நெற்றிப்பொட்டில் தலைவலி, காதை ஒட்டி ஒரு குடைச்சல். காதில் கோளாறு என்று நினைத்துச் சுற்றுவார்கள். வலிப்பது காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு. கன்னத்தின் உள்பக்கம் பல் சேரும் வரிசையில் வெள்ளைக் கோடு இருக்கிறதா, நாக்கு ஓரத்தில் பல் தடம் பதிந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே அறையில் படுப்பவர்களுக்குச் சத்தமும் கேட்கும், ஆனால் வெறுமனே இறுக்கிக் கடிப்பவர்களிடம் சத்தமே வராது.

இஸ்ரேலில் 2018-ல் வந்த ஓர் ஆய்வு பல் விழும் கனவையே எடுத்துக்கொண்டது. அப்படிக் கனவு காண்பவர்களுக்கு மன உளைச்சல் அதிகமா என்று பார்த்தார்கள், தொடர்பு தெரியவில்லை. எழுந்ததும் பல்லிலும் ஈறிலும் தாடையிலும் தெரியும் இறுக்கத்தோடுதான் தொடர்பு தெரிந்தது. இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல் கடிப்பது பெரும்பாலும் லேசான தூக்கத்தில் நடக்கிறது. இப்படிக் கதை மாதிரி நீளும் கனவுகள் அதிகம் வருவது விழிகள் வேகமாக ஓடும் கட்டத்தில். ஆக, கடித்த அந்த நொடியே கனவானது என்று அடித்துச் சொல்ல முடியாது.

ரேடியோ ஐயா சொன்னதில் பாதி சரி. விழிகள் ஓடும் அந்தக் கட்டம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், விடியல் நெருங்க நெருங்க நீளும். அதன் நடுவில் முழித்தால் கனவு அப்படியே நினைவில் நிற்கும். அதனால் விடியற்காலைக் கனவுதான் நமக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது. பலிப்பது வேறு கதை.

பழைய ரேடியோ

என் மாமனார் விஷயத்துக்கு உங்கள் மெஷினில் பதில் இருக்கிறதா தம்பி?

ராத்திரி டியூட்டி

இல்லை ஐயா. இந்த நம்பிக்கையும் நம் வீட்டோடு நிற்பதில்லை. வாயை வீடாகவும் பற்களை அதில் குடியிருப்பவர்களாகவும் வைத்து, பல் போனால் ஆள் போவார் என்று 2-ஆம் நூற்றாண்டிலேயே ஆர்ட்டெமிடோரஸ் என்ற கிரேக்கர் பலன் எழுதியிருக்கிறார்.

கோபக்காரக் கிளி

எனக்கு வந்தது பல் இல்லை. அவர் வேறொருத்தியோடு சிரித்துப் பேசிக்கொண்டே என்னைக் கடந்து போவதாகக் கனவு. எழுந்ததும் போன் பண்ணி, காரணமே சொல்லாமல் அந்த மனுஷனைக் கடித்துக் குதறினேன். பாவம், தூக்கக் கலக்கத்தில் 'என்ன பண்ணினேன்?' என்றார். அதனால் உங்கள் தோழியிடம் சொல்லுங்கள், அந்தக் கோபத்தோடு மாப்பிள்ளைக்குப் போன் பண்ண வேண்டாம்.

ராத்திரி டியூட்டி

கிளி சொல்வது நிறையப் பேருக்கு நடக்கிறது. துணையைப் பற்றிய கனவுகளைத் தினமும் எழுதி வைக்கச் சொல்லி 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. துரோகம் செய்வதாகக் கனவு வந்தால் அதற்கடுத்த நாட்களில் நெருக்கம் குறைந்திருந்தது.

கடிதத்தில் தோழி கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. கனவை வைத்துக் கல்யாணத்தை நிறுத்த நான் சொல்லமாட்டேன். பகலில், முழு நினைவோடு இருக்கும்போது தயக்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 232 தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து 2012-ல் எழுதினார்கள். கல்யாணத்துக்கு முன் தயங்கியதாகச் சொன்ன பெண்களில் 19 சதவீதம் பேர் 4 வருடத்துக்குள் விவாகரத்து ஆகியிருந்தார்கள். தயக்கம் இல்லாதவர்களில் 8 சதவீதம். தயங்கியவர்களிலும் பெரும்பாலோர் சேர்ந்துதான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் தயக்கத்தைச் 'சும்மா பதட்டம்' என்று தள்ளிவிடாமல், எதைப் பற்றி என்று கேட்டுப் பார்க்கலாம்.

கோபக்காரக் கிளி

எனக்குப் பல்லைவிட அந்தப் பேர்தான் உறுத்துகிறது. அவர் ஏன் வேறு பேர் சொன்னார்?

மழைக்காதலி

எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கன்னத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறதாம், இரண்டு பக்கமும். தங்கையும் 'நீ பல்லை நறநறன்னு கடிக்கறே'ன்னு முன்பே சொல்லியிருக்கிறாள். பல் டாக்டர் உறை போட்டால் கடிப்பது நின்றுவிடுமா என்று கேட்கிறாள்.

பேர் விஷயத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் சொன்னாள்: கல்யாணம் முடிந்ததும் போகும் பயணத்துக்கு மாப்பிள்ளை டிக்கெட் போட்டிருக்கிறார், அவள் பேரோடு தன் பேரைச் சேர்த்து. இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடையாள அட்டையில் பழைய பேர்தான் இருக்கிறது என்றதற்கு, 'எப்படியும் மாத்தத்தானே போறே' என்றாராம். கனவு வர ஆரம்பித்தது அதற்கு முன்பா பின்பா என்று அவளுக்கே நினைவில்லை.

ராத்திரி டியூட்டி

உறை பல் தேயாமல் காக்கும், கடிப்பதை நிறுத்தாது. ராத்திரியில் காபியைக் குறைத்துப் பார்க்கலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லட்டும், சில மாத்திரைகளால் இது அதிகமாகும்.

பழைய ரேடியோ

பேர் சேர்ப்பதில் என்ன அம்மா தப்பு? எங்கள் காலத்தில் யாரும் கேட்டதில்லை.

கோபக்காரக் கிளி

அதான் ஐயா, கேட்டதில்லை. மழைக்காதலி, அவள் அவரிடம் பேசிவிட்டாளா?

மழைக்காதலி

இன்னும் இல்லை. முதலில் டிக்கெட்டில் பேரை மாற்ற முடியுமா என்று விசாரிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் நேரில் சந்திக்கிறார்கள், அப்போது கேட்கிறேன் என்றாள்.