‘உள்ளூர்’ என்றால் எது வரை? localhost-க்கு ஒரு சொல் வேண்டும்

கவிதா:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி நூலகத்துக்கான ஒரு சின்னச் செயலி, ஜாங்கோவில் எழுதியது, அதன் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் நான் போட்ட ஒரு சொல்லால் ஒருவர் ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறார். கையேட்டைப் பார்த்து ஓட்டிய ஆசிரியை அழைத்தார். லேப்டாப்பில் பக்கம் திறக்கிறதாம், ஃபோனில் திறக்கவில்லையாம், இரண்டும் வீட்டில் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றனவாம்.

கையேட்டை எடுத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் “வழங்கி இப்போது உள்ளூர் முகவரியில் கேட்கும்” என்று எழுதியிருக்கிறேன். இரண்டு பத்தி தள்ளி “ஃபோனும் லேப்டாப்பும் ஒரே உள்ளூர் வலையில் இருக்க வேண்டும்” என்று இருக்கிறது. அவர் கேட்டார்: “முகவரியும் உள்ளூர், வலையும் உள்ளூர். அப்புறம் ஏம்மா வரல?” பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் ‘உள்ளூர்’ localhost, அதாவது கணினி தன்னையே குறிக்கும் முகவரி; இரண்டாவது வீட்டு வலை. localhost-க்கு வேறு சொல் வேண்டும். என்ன போடலாம்?

பாலா:

இது சொல் பிரச்சினையே இல்லை கவிதா, ஃபயர்வால். எனக்கு நாலைந்து தடவை வந்திருக்கிறது, அணைத்தால் சரியாகிவிடும். வழங்கி திறந்துதான் இருக்கிறது என்பதற்கு அவரை `ss -ltn` அடிக்கச் சொல்லுங்கள், 0.0.0.0 என்று வரும். சொல் வேண்டுமென்றால் ‘உள்ளூர் புரவலன்’ என்று ஏற்கெனவே பல இடங்களில் இருக்கிறதே, அதையே போடலாம்.

கவிதா:

அடிக்கச் சொன்னேன். வந்தது இது:

```
State   Recv-Q  Send-Q  Local Address:Port  Peer Address:Port
LISTEN  0       10      127.0.0.1:8000      0.0.0.0:*
```

0.0.0.0 இருக்கிறது. ஃபயர்வாலை அணைத்தும் பார்த்துவிட்டார், ஃபோனில் அதே கதைதான்.

செந்தில்:

பாலா பார்த்தது கடைசி நெடுவரிசை. அது எதிர்முனை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அங்கே எப்போதும் அப்படித்தான் இருக்கும். பார்க்க வேண்டியது அதற்கு முந்தியது, அங்கே 127.0.0.1:8000 என்று இருக்கிறது. அதாவது இந்த வழங்கி அந்த ஒரு முகவரிக்கு வருவதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். 127-இல் தொடங்கும் எந்த முகவரியும் கணினியை விட்டு வெளியே தலைகாட்டக் கூடாது என்று 1989-இல் வந்த RFC 1122 கறாராகச் சொல்கிறது. லேப்டாப்பின் உலாவி அதற்கு ஒரு கோரிக்கை அனுப்பினால் அது வைஃபை அட்டையைத் தொடுவதே இல்லை, இயங்குதளத்துக்குள்ளேயே திரும்பி வந்துவிடும். ஃபோனில் 127.0.0.1 என்றோ localhost என்றோ அடித்தால் ஃபோன் தன்னையே கேட்டுக்கொள்ளும். லேப்டாப்பின் வைஃபை முகவரியான 192.168.1.34-ஐ அடித்தால் லேப்டாப் வரை வந்துசேரும், ஆனால் அந்த முகவரியில் 8000-ஐ யாரும் திறந்து வைக்கவில்லை என்று திருப்பி அனுப்பப்படும்.

ஃபோனைத் தொடாமலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். லேப்டாப்பின் உலாவியிலேயே `http://192.168.1.34:8000` என்று அடிக்கச் சொல்லுங்கள். அங்கேயே திறக்கவில்லையென்றால் ஃபயர்வாலையும் ரவுட்டரையும் சந்தேகப்படத் தேவையில்லை, வழங்கியை ஓட்டிய விதம்தான் காரணம். அங்கே திறந்து ஃபோனில் மட்டும் வரவில்லையென்றால் அப்போது பாலா சொன்ன ஃபயர்வாலுக்குப் போகலாம். ஃபோனில் என்ன பிழை வருகிறது என்பதும் ஒரு துப்பு. அடித்த உடனே ERR_CONNECTION_REFUSED வந்தால் பெரும்பாலும் வழங்கி அந்த முகவரியில் இல்லை. சுற்றிச் சுற்றி நின்று ERR_CONNECTION_TIMED_OUT வந்தால் வழியில் யாரோ சத்தமில்லாமல் விழுங்குகிறார்கள். ஆனால் விண்டோஸில் இதை நம்ப வேண்டாம், அதன் ஃபயர்வால் மூடிய கதவுக்கும் பதில் சொல்லாமல் இருந்துவிடும், அதனால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

ஓட்ட வேண்டியது இப்படி:

```
python manage.py runserver 0.0.0.0:8000
```

சொல் பற்றி: கவிதா சொல்வது சரி. இரண்டு ‘local’-உம் வேறு. ஒன்று கணினியின் தோலுக்குள், இன்னொன்று வீட்டுச் சுவருக்குள். தமிழில் இரண்டையும் உள்ளூர் ஆக்கியது நாம்தான். ‘புரவலன்’ எனக்கு ஒருபோதும் ஒட்டவில்லை, புலவருக்குப் பொற்கிழி கொடுப்பவர்தான் கண்ணில் நிற்கிறார்.

அருளப்பன்:

அன்புள்ள கவிதா, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன், கணினி அரைகுறை. தன்னைத்தான் குறிக்கும் முகவரி என்றால் தன் + கணினி, புணர்ந்தால் தற்கணினி. தற்காப்பு, தற்கொலை, தற்பெருமை எல்லாம் இப்படி வந்தவையே. சுருக்கம், இலக்கணமும் பிழையாகாது.

‘வழங்கி கேட்கும்’ என்பதையும் பாருங்கள். தமிழில் கேட்டல் என்பது காதால் கேட்பதும்தான், வாயால் கேட்பதும்தான். அந்த ஆசிரியை ‘வழங்கி என்ன கேட்கும்? கடவுச்சொல்லா?’ என்று நினைத்திருந்தால் வியப்பில்லை.

கவிதா:

ஐயா, அதையும்தான் நினைத்திருக்கிறார்! “கேட்கும்னு போட்டிருக்கு, ஒண்ணும் கேட்கலையே” என்றார். நான் சிரித்துவிட்டேன், பாவம்.

பாலா:

சரி, கடைசி நெடுவரிசையைப் பார்த்தது என் தவறு. ஆனால் தற்கணினி என்றதும் எனக்குத் தற்காலிகக் கணினி, தற்போதைய கணினி என்றுதான் படுகிறது. அதோடு ஃபோனில் localhost அடித்தால் அது ஃபோனைக் குறிக்கும் என்று செந்தில் அண்ணா இப்போதுதான் சொன்னார். ஃபோனை யார் கணினி என்பார்கள்?

ஒரு சந்தேகம். 0.0.0.0 என்று ஓட்டிவிட்டு ஃபோனிலும் அதையே அடித்தேன், வரவில்லையே?

செந்தில்:

வராது பாலா. 0.0.0.0 போய்ச் சேரும் இடமல்ல. வழங்கியிடம் ‘இந்தக் கணினிக்கு எத்தனை முகவரி இருக்கிறதோ அத்தனையிலும் இரு’ என்று சொல்வதற்கான குறி. ஃபோனில் அடிக்க வேண்டியது 192.168.1.34 தான். கையேட்டில் இதற்கும் ‘முகவரி’ என்று எழுதினால் ஆசிரியை நீங்கள் செய்ததையே செய்வார். ‘எல்லா முகவரிகளும்’ என்று பன்மையில் எழுதிவிடுங்கள், தனிச்சொல் வேண்டாம்.

நிரோஷன், யாழ்ப்பாணம்:

வணக்கம். எங்கட பாடநூல்களில் LAN-ஐ இடத்துரி வலையமைப்பு என்றுதான் படித்தோம், உள்ளூர் என்று இல்லை. அதனால் இந்தக் குழப்பம் எங்களுக்கு வராது என்று நினைத்தேன், பிறகு யோசித்தால் localhost-ஐயும் யாரோ ‘இடத்துரி’ ஆக்கிவிடுவார்கள், அதே கதைதான். சேவையகம் என்பதை வழங்கி என்று நீங்கள் எழுதுவதை இன்னொரு நாள் பேசுவோம்.

எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் தங்குமிடத்து வைஃபையில். 0.0.0.0-இல் ஓடுகிறது, மடிக்கணினியில் 192.168 முகவரியால் திறக்கிறது, ஃபயர்வாலும் இல்லை, தொலைபேசியில் மட்டும் வராது. என்ன சொல் போட்டால் வரும்?

செந்தில்:

என்ன சொல் போட்டாலும் வராது நிரோஷன். விருந்தினர் வைஃபையிலும் விடுதி வைஃபையிலும் ஒரு கருவி இன்னொரு கருவியோடு பேசக் கூடாது என்று அணுகுபுள்ளியிலேயே தடுத்து வைத்திருப்பார்கள். இரண்டும் இணையத்துக்குப் போகும், ஒன்றையொன்று பார்க்காது. ஃபோனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு மடிக்கணினியை அதில் சேர்த்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு என்றால் யூஎஸ்பி பிழைத்திருத்தத்தை இயக்கி, வடத்தைச் செருகி `adb reverse tcp:8000 tcp:8000` கொடுங்கள். அப்போது ஃபோனில் localhost:8000 அடித்தாலே மடிக்கணினிக்கு வந்துவிடும். கையேட்டில் நாம் தேடும் சொல்லுக்கு இது விதிவிலக்கு, ஃபோனின் ‘தன்’ வடம் வழியாக இன்னொருவரிடம் போகிறது.

அருளப்பன்:

பாலா சொன்ன தடை ஏற்கத்தக்கது. கணினியும் வேண்டாம், கருவியும் வேண்டாம். ‘தன்னகம்’ என்றால் என்ன? ‘தன்னகத்தே கொண்ட’ என்று எல்லோரும் எழுதுகிறோம், புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. அகம் என்றால் உள்ளும் ஆகும், வீடும் ஆகும். லேப்டாப்புக்கு அதன் தன்னகம், ஃபோனுக்கு அதன் தன்னகம்.

பாலா:

மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது ஐயா. ஆனால் ‘தன்னக முகவரி’ என்று சேர்த்துச் சொன்னால் பரவாயில்லை.

செந்தில்:

எனக்குச் சம்மதம், ஒரு நிபந்தனையோடு. திரையில் localhost என்று தட்ட வேண்டிய இடத்தில் அதை அப்படியே விடுங்கள், தன்னகம் என்று யாராவது முகவரிப் பட்டையில் அடித்துவிடப் போகிறார்கள். விளக்கும் வரியில் மட்டும் தன்னக முகவரி. ‘கேட்கும்’ என்பதற்கு ‘செவிமடுக்கும்’ போடலாம்.

அருளப்பன்:

செவிமடுத்தால் அறிவுரையைச் செவிமடுக்க வேண்டும். ‘காத்திருக்கும்’ போதும். கடைக்காரர் வாசலில் காத்திருப்பதுபோல்.

செந்தில்:

காத்திருப்பதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. பிழைச்செய்திகளில் ‘பதிலுக்குக் காத்திருக்கிறது’ என்று வேறு பொருளில் ஏற்கெனவே வருகிறது. கையேட்டுக்குச் சரி, சொல்பட்டியலில் இப்போதைக்குச் சேர்க்காதீர்கள்.

கவிதா:

இப்படி மாற்றிவிட்டேன்:

“சாதாரணமாக ஓட்டினால் வழங்கி தன்னக முகவரியில் மட்டும் காத்திருக்கும், இந்தக் கணினியைத் தவிர வேறு எதிலிருந்தும் அதை அடைய முடியாது, ஒரே வைஃபையில் இருந்தாலும் கூட. ஃபோனிலிருந்தும் பார்க்க, எல்லா முகவரிகளிலும் காத்திருக்கச் சொல்லி ஓட்டவும்.”

ஆசிரியைக்கு அனுப்பினேன். இந்த முறை ஏன் என்று கேட்கவில்லை, நேராக 0.0.0.0:8000 கொடுத்து ஓட்டிவிட்டார். ஃபோனில் பக்கத்துக்குப் பதில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிழைப்பக்கம் வந்தது:

```
Invalid HTTP_HOST header: '192.168.1.34:8000'.
You may need to add '192.168.1.34' to ALLOWED_HOSTS.
```

செந்தில்:

நல்ல செய்தி, கதவு திறந்துவிட்டது, உள்ளே இருப்பவர் பெயர் கேட்கிறார். ALLOWED_HOSTS காலியாக இருந்து DEBUG உண்மையாக இருக்கும்போது ஜாங்கோ தன்னகப் பெயர்களை மட்டும் ஏற்கும். settings.py-இல் அந்த எண்ணைச் சேர்த்துவிட்டால் முடிந்தது. வீட்டு வைஃபையில் மட்டும் இப்படி ஓட்டச் சொல்லுங்கள். DEBUG இருக்கும்போது பிழைப்பக்கம் உள்ளே இருப்பதையெல்லாம் அதே வலையில் இருக்கும் யாருக்கும் காட்டிவிடும், ரயில் நிலைய வைஃபையில் வேண்டாம்.

கவிதா:

சேர்த்தார், ஃபோனில் நூலகப் பட்டியல் வந்துவிட்டது. நேற்று இரவு படம் எடுத்து அனுப்பினார்.

இன்று காலை மறுபடி அழைப்பு. “நேத்து வந்த 34 இன்னைக்கு வரல.” பார்த்தால் ரவுட்டர் இரவில் லேப்டாப்புக்கு 192.168.1.37 கொடுத்திருக்கிறது. ரவுட்டர் கொடுத்து வாங்கும் இந்த முகவரிக்குக் கையேட்டில் ‘குத்தகை’ என்று எழுதியிருந்தேன். “யாருக்குக் குத்தகை கட்டணும்?” என்கிறார்.